கனைத்தால் கேட்காத காது

ஒருவர் வருகிறார் என்பதை வடசென்னை வீடுகளில் கண்ணுக்கு முன்னால் காதுதான் கண்டுபிடிக்கும். சந்து முனையில் சைக்கிள் ஸ்டாண்டு இறங்கும் சத்தம், வாசலில் செருப்பை உதறும் சத்தம், வருவது பெரியவர் என்றால் ஒரு கனைப்பு. பத்துக் குடித்தனம் இருக்கும் ஸ்டோர் வீடு என்றால் நடையில் கால் வைக்கும்போதே "அக்கா, இருக்கீங்களா?" என்று ஒரு குரல். இவையெல்லாம் வணக்கம் இல்லை. வணக்கத்துக்கு முந்தைய முன்னறிவிப்பு. உள்ளே இருப்பவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்யவும், வாயிலிருப்பதை விழுங்கவும், முகத்தை விருந்தாளிக்கு ஏற்றபடி மாற்றவும் நாலைந்து விநாடி கிடைக்கும்.

காதில் ஹெட்போன் ஏறியதும் காணாமல் போனது இந்த நாலைந்து விநாடிதான். ஆனால் நாம் இன்னும் கனைத்துக்கொண்டேதான் வருகிறோம். அது கேட்கவில்லை என்றதும் நேரே தோளில் தட்டிவிடுகிறோம். அவர் துள்ளி விழுந்து "யப்பா, உசுரே பூட்ச்சு" என்கிறார். "கூப்டா காதுல வாங்கமாட்டியா?" என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். இரண்டு பேருமே பாவம். ஒருவர் கேட்காத சத்தத்தை நம்பி வந்தார், இன்னொருவர் வராத சத்தத்தை நம்பி நின்றார்.

தூக்கிவாரிப்போட்டது என்று சொல்கிறோமே, அந்தச் சொல் உடம்பில் நடப்பதை அப்படியே சொல்கிறது. எதிர்பாராத சத்தமோ தொடுகையோ சட்டென்று வந்தால் முதலில் இமை மூடும். அது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் தொடங்கிவிடுகிறது. கூடவே கழுத்து சுருங்குகிறது, தோள் மேலே தூக்குகிறது, கை உள்பக்கமாக மடங்குகிறது. இந்த உத்தரவு மூளைத்தண்டிலிருந்து போகிறது. வந்தது யார் என்று யோசிக்கும் மேல்மூளைக்குச் செய்தி எட்டி, முகம் அடையாளம் தெரிவதற்குள் உடம்பு துள்ளி முடித்திருக்கும். அதனால்தான் தொட்டுக்கொண்டே "நான்தான், நான்தான்" என்பதில் பயன் இல்லை. நல்லவராக இருந்தாலும், இருபது வருஷப் பழக்கமாக இருந்தாலும் அந்த முதல் துள்ளலுக்கு அது தெரியாது. துள்ளிய பிறகு வரும் கோபத்தை வேண்டுமானால் பழக்கம் குறைக்கும்.

இந்தத் துள்ளலைக் கிளப்புவது சத்தத்தின் அளவு மட்டுமில்லை, அது எவ்வளவு சட்டென்று ஏறுகிறது என்பதும்தான். தூரத்திலிருந்து படிப்படியாக நெருங்கும் லாரி எவ்வளவு இரைந்தாலும் யாரும் துள்ளுவதில்லை. அதே லாரி பக்கத்தில் வந்து ஒரு ஹார்ன் அடித்தால் துள்ளுகிறோம். இன்னொன்று: பெரிய தாக்கம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சின்னதாக ஒன்று வந்து போயிருந்தால், பின்னால் வரும் துள்ளல் குறைந்துவிடுகிறது. கனைப்பு செய்த வேலையும் இதைப் போன்றதுதான். ஆகவே, காது மூடியிருப்பவருக்கு அந்தச் சின்ன முன்னறிவிப்பை எந்த வழியாகக் கொடுப்பது என்பதுதான் முழுக் கேள்வியும். சத்தமாகக் கூப்பிடுவதும் மெதுவாகத் தொடுவதும் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

முதலில் காதைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா ஹெட்போனும் ஒரே மாதிரி அடைப்பதில்லை. பழைய ஒயர் இயர்போன், காதின் வாயில் சும்மா உட்காரும் வகை, வெளிச்சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. பாட்டு ஓடினால்தான் தடை. ரப்பர் முனையோடு காதுக்குள் நுழையும் வகை, பாட்டே ஓடாவிட்டாலும் பாதி உலகத்தை வெளியே நிறுத்திவிடும். நாய்ஸ் கேன்சலிங் வகைதான் தந்திரமானது. அது வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் அனுப்பி அழிக்கிறது. இந்த அழிப்பு, தடித்த, விட்டுவிடாமல் ஒரே சீராக வரும் சத்தத்தில் நன்றாக நடக்கும்: ரயில் உறுமல், ஏ.சி., பஸ் என்ஜின். திடீரென்று வரும் மெல்லிய கீச்சுச் சத்தத்தில் அவ்வளவாக நடக்காது. நமக்கு இதில் என்ன? ஒரு ஆள் நெருங்கி வருவதைச் சொல்லும் காலடி அதிர்வும் பின்னால் நகரும் உடம்பின் மங்கலான ஓசையும் துடைத்துப் போய்விடுகின்றன, ஆனால் காதுக்குப் பக்கத்தில் வந்து "அக்கா!" என்று உரத்துக் கூப்பிட்டால் அது உள்ளே போய்விடுகிறது. நெருங்கி வந்த சத்தம் எதுவும் இல்லாமல், வெறும் அமைதியிலிருந்து ஒரு குரல் வெடிக்கிறது. துள்ளலுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

சில இயர்பட்களில் பேச்சு வந்தால் பாட்டு தானே நின்றுவிடும் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த வசதி, அதை மாட்டியிருப்பவர் வாய் திறந்தால் வேலை செய்வதற்காக வைத்தது. நீங்கள் கூப்பிட்டால் பாட்டு நிற்கும் என்று அதை நம்பி நிற்காதீர்கள்.

அப்படியானால் மிச்சமிருக்கும் வழி கண். இங்கேதான் பெரும்பாலோர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பக்கத்தில் போனால் கண்ணில் படுவோம் என்று நினைக்கிறோம். போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர் விஷயத்தில் அது தலைகீழ்.

நேராகப் பார்க்கும் மனிதருக்குப் பக்கவாட்டில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வரை ஏதாவது தெரியும். மேலே சுமார் 60 டிகிரி. அதற்குமேல் புருவ எலும்பு மறைக்கும். கீழே அதைவிடக் கொஞ்சம் அதிகம். இப்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்து, தலையை 40 டிகிரி குனிந்து போனைப் பார்க்கிறார் என்று வையுங்கள். மேல்பக்கப் பார்வை 60-லிருந்து 20 டிகிரிக்கு இறங்கிவிட்டது. நீங்கள் முக்கால் மீட்டர் தூரத்தில், அதாவது கையை நீட்டினால் தொடும் இடத்தில், எதிரே நிற்கிறீர்கள். உங்கள் முகம் அவர் கண்ணுக்கு 30 டிகிரிக்கும் மேலே இருக்கும். அவருக்குத் தெரிவது உங்கள் கழுத்துக்குக் கீழே உள்ள உடம்புதான். முகம் இல்லாத ஒரு உடம்பு சட்டென்று முளைத்து நிற்கிறது. அதே நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி நின்றால் உங்கள் முகம் 10 டிகிரிக்குள் வந்துவிடும். முழு ஆளாகப் பார்வைக்குள் இருப்பீர்கள். தள்ளி நிற்பவர்தான் தெரிகிறார், கிட்டே நிற்பவர் மறைகிறார்.

கடைக்கண் பார்வைக்கு இன்னொரு குணம் உண்டு. அதற்கு முகம் தெரியாது, எழுத்து தெரியாது, நிறம்கூடச் சரியாகத் தெரியாது. அசைவு மட்டும் நன்றாகத் தெரியும். அசையாமல் நிற்பவரை அது சுவரோடு சேர்த்துவிடும். ஆகவே மூன்று மீட்டரில் சிலைபோல நின்றாலும் பலன் இல்லை. கொஞ்சம் அசைய வேண்டும். எங்கே அசைய வேண்டும் என்பதும் முக்கியம். நாம் வழக்கமாகத் தலைக்குமேல் கையைத் தூக்கி ஆட்டுவோம். எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அது சரி. குனிந்திருப்பவருக்கு அந்தக் கை புருவ விளிம்பில், தெரிந்தும் தெரியாத இடத்தில் ஆடுகிறது. கையை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, அவர் கையில் போன் இருக்கும் மட்டத்தில், உள்ளங்கை அவரைப் பார்த்தபடி இரண்டு முறை மெதுவாக ஆட்டினால் போதும்.

ஒரு இடத்தை வைத்து இதை முழுசாகப் பார்ப்போம். திருவொற்றியூர் புறநகர் ரயில் நிலையம், காலை ஏழரை மணி, சென்ட்ரல் பக்கம் போகும் வண்டிக்கான பிளாட்பாரம். உங்களோடு ஒரே தெருவில் இருக்கும் ஒரு பெண், உங்களுக்கு அக்கா முறை, விளிம்பை ஒட்டிய மஞ்சள் பட்டைக்குக் கொஞ்சம் உள்ளே நிற்கிறார். இரண்டு காதிலும் இயர்பட்ஸ், கையில் போன், முகம் தண்டவாளத்தைப் பார்த்து, முதுகு உங்களுக்கு. கும்மிடிப்பூண்டி மார்க்கம் இது. லோக்கல் வண்டிகளோடு நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸும் கூட்ஸும் இதே தடத்தில் ஓடுகின்றன. மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் பிளாட்பாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணாடிக் கதவு இருக்கும். இங்கே காற்றுதான்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஒரு ஆளைத் திடுக்கிட வைக்காமல் அணுக நல்ல வழி முன்பக்கம்; இவருடைய முன்பக்கம் தண்டவாளம். பின்பக்கத்திலிருந்து கூப்பிடவோ தொடவோ கூடாது, ஏனென்றால் துள்ளும் உடம்பு தொட்ட இடத்திலிருந்து விலகப் பார்க்கும். பின்னாலிருந்து தொட்டால் விலகும் திசை முன்னால்தான். ஆகவே பக்கவாட்டுதான் மிச்சம். எந்தப் பக்கம்? சென்ட்ரல் போகும் வண்டி எண்ணூர்ப் பக்கமிருந்து, அதாவது வடக்கிலிருந்து வரும். வண்டிக்காகக் காத்திருப்பவர் போனில் எவ்வளவு மூழ்கியிருந்தாலும் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்கி வடக்கே பார்ப்பார். நீங்கள் நிற்க வேண்டிய இடம் அந்தப் பார்வை போகும் வழி.

அவருக்குப் பின்னால், குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, வடக்கே நடந்து போங்கள். தோள் பை அவர்மேல் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பையின் வார் உரசுவதும் தொடுகைதான். அவரைத் தாண்டி மூன்று நாலு மீட்டர் போனதும், விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே, அவர் பக்கம் பாதி திரும்பி நில்லுங்கள். முழுக்கத் திரும்பி முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுங்கள், தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடியுங்கள். அசைவு கடைக்கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும். அவர் தலையைத் தூக்கி வண்டியைப் பார்க்கும்போது முதலில் விழுவது நீங்கள். அந்தக் கணத்தில் புருவத்தை ஒருமுறை உயர்த்தி, தாடையை லேசாக மேலே தூக்குங்கள். இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மௌன வணக்கம்; டீக்கடைக்கு எதிர்ச்சாரியில் நின்றுகொண்டே "இன்னா, நல்லாக்கீறியா?" என்று கேட்பது இப்படித்தான்.

அவரும் பதிலுக்குச் சிரித்தாலும் உடனே பேச ஆரம்பிக்காதீர்கள். கை காதுக்குப் போகிறதா என்று பாருங்கள். ஒரு பக்க பட்ஸைக் கழற்றினாலோ, காதைத் தட்டிப் பாட்டை நிறுத்தினாலோ பேச்சுக்கு வழி திறந்தது. அப்போதும் முதல் வாக்கியம் பாதிதான் விழும். அதனால் முதல் வாக்கியத்தில் விஷயத்தை வைக்காமல், "அக்கா, ஆபீஸுக்கா?" என்று ஒன்றுமில்லாத கேள்வியை முதலில் விட்டு, "ரேஷன் கடைல இன்னைக்குப் பருப்பு போடுறாங்க" என்பதை இரண்டாவதாகச் சொல்லுங்கள். கை காதுக்குப் போகாமல், சிரித்துவிட்டுப் பார்வை போனுக்குத் திரும்பிவிட்டதா? வணக்கம் முடிந்தது. அதுவும் முழு வணக்கம்தான். கூட்ட நேரத்தில் காதை அடைத்துக்கொள்ளும் பெண்களில் பலர் பாட்டுக்காக அல்ல, பேச்சு வேண்டாம் என்பதற்காகவே அடைக்கிறார்கள். இயர்பட்ஸில் பாட்டே ஓடாமலும் இருக்கும்.

இதற்குள் வண்டி வந்துவிட்டால்? விட்டுவிடுங்கள். ஏறிய பிறகு பெட்டிக்குள் எதிர் சீட்டில் பார்த்துக்கொள்ளலாம். நிற்காத வண்டி இரைந்துகொண்டு வருகிறது, அவர் விளிம்புக்கு மிக அருகே நிற்கிறார், ஆபத்து என்று தோன்றினால் கதை வேறு; அப்போது திடுக்கிடலைப் பற்றிக் கவலைப்பட நேரம் கிடையாது. பக்கவாட்டிலிருந்து மேல்கையை உறுதியாகப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். தட்டிக் கூப்பிடுவது அங்கே உதவாது.

மரியாதை தெரிந்தவர்கள் செய்யும் ஒரு தப்பு உண்டு, அதுதான் அதிகம் பேரைத் திடுக்கிட வைக்கிறது. தொந்தரவு செய்ய வேண்டாமே என்று மிகவும் பக்கத்தில் வந்து சத்தமில்லாமல் காத்து நிற்பார்கள். ஒரு அடி தூரத்தில், மூச்சுக்கூடக் கேட்காமல். மூழ்கியிருப்பவர் தற்செயலாகத் தலையைத் தூக்குவார். முழுக் கண்ணையும் அடைத்துக்கொண்டு ஒரு முகம். சத்தமில்லை, தொடவில்லை, ஆனாலும் துள்ளல் அப்படியே வரும். காத்திருப்பது நல்லதுதான், மூன்று மீட்டர் தள்ளிக் காத்திருங்கள். வேகமாக நேர்கோட்டில் நெருங்குவதும் இதே வகைதான். கண்ணுக்கு முன் ஒரு உருவம் விரைவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தால் உடம்பு பின்வாங்கும். கொஞ்சம் வளைந்து, சாதாரண நடையில் வர வேண்டும்.

வெளிச்சம் குறைவான இடத்தில் எல்லாம் இரட்டிப்பாகக் கணக்கில் வையுங்கள். இருட்டில் மனிதர்களின் துள்ளல் பெரிதாகிறது. போன் வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சுற்றியிருக்கும் இருட்டு இன்னும் கருப்பு. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துக் குடியிருப்புகளின் மாடிப்படியில் பல்பு இல்லாத திருப்பத்தில் ஒருவர் போன் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், உங்கள் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வாருங்கள். வெளிச்சம் உங்கள் காலுக்கு முன்னால் படியில் விழட்டும், அவர் முகத்தில் வேண்டாம். நகரும் வெளிச்சவட்டம் உங்களுக்கு ஐந்து படி முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

தரையைக் காலால் தட்டி அதிர்வு அனுப்பலாம் என்று காது கேளாதோர் மத்தியில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தரையில் அது அருமையாக வேலை செய்யும். நம் மொசைக், சிமென்ட் தரையில் உங்கள் குதிகால்தான் வலிக்கும். ஆனால் டீக்கடையின் பலகை பெஞ்சு இருக்கிறதே, அது அதிர்வை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அப்படியே கொண்டுபோகும். மறுமுனையில் போய் மெதுவாக உட்காருங்கள். பலகை லேசாக அமுங்கும், அவர் திரும்பிப் பார்ப்பார். மேஜையும் அப்படியே: தூரத்து மூலையில் உள்ளங்கையை வைத்து ஒருமுறை அழுத்தினால் தெரியும். நாற்காலியின் முதுகைப் பிடித்து ஆட்டுவது மட்டும் வேண்டாம், அது உடம்பையே பிடித்து ஆட்டுவதற்குச் சமம்.

தொடத்தான் வேண்டும் என்றால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடைக்கண்ணுக்குள் வந்துவிடுங்கள். இடம், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே மேல்கையின் வெளிப்பக்கம். விரல் நுனியால் குத்தாமல் இரண்டு மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து மெல்ல அழுத்தி எடுங்கள். குத்தல் சட்டென்று ஏறும் தாக்கம், அழுத்தம் படிப்படியாக ஏறும். துள்ளலைப் பற்றி மேலே சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். எடுத்தவுடன் ஒரு அடி பின்னால் போங்கள். கழுத்து, இடுப்பு, முதுகு கூடாது. காதிலிருந்து இயர்போனைப் பிடுங்குவது நட்பிலும் சேராது. பின்னாலிருந்து கண்ணைப் பொத்தி "யாருன்னு சொல்லு" என்பதைப் பத்து வயதோடு விட்டிருக்க வேண்டும். ஆணும் பெண்ணும் என்றால் நம் ஊரில் தொடுகை பேச்சுக்கே இல்லை. பெஞ்சு, மேஜை, கை அசைவு இவற்றோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம்.

இனி போன் பேசுகிறவர். பாட்டு கேட்பவரிடமிருந்து இவரை முதலில் பிரித்தறிய வேண்டும். பாட்டு கேட்பவரின் தலையாட்டல் தாளத்தில் இருக்கும். போனில் கேட்டுக்கொண்டிருப்பவரின் தலையாட்டல் தாறுமாறாக, நடுநடுவே "ம்... ம்" என்று வரும், கண் எதையும் பார்க்காமல் தூரத்தில் நிற்கும். நெக்பேண்ட் மாட்டியவரின் இரண்டு குமிழும் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு மார்பில் தொங்கினால் அவர் எதையும் கேட்கவில்லை, தாராளமாகக் கூப்பிடலாம். ஒரு குமிழ் மட்டும் காதில் என்றால் பெரும்பாலும் அழைப்பு. அவர் உங்களைப் பார்த்தபடியே "சொல்லு" என்றால் உடனே சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். அது உங்களுக்கு இல்லை.

போனைக் காதோடு பிடித்திருப்பவருக்கு அந்தப் பக்கத்துக் கையும் முழங்கையும் பார்வையை மறைக்கின்றன. அந்தப் பக்கத்துக் காதும் அடைபட்டிருக்கிறது. எப்போதும் மறுபக்கமாக வாருங்கள். அதைவிட முக்கியம், வாயால் வணங்காதீர்கள். அந்த மைக் உங்கள் குரலையும் எடுத்துக்கொண்டுபோகும். அவர் மறுமுனையில் "ஆபீஸ்லதான் இருக்கேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் "இன்னா மாமே, டீ சொல்லட்டா?" என்று கேட்டால் நடப்பது திடுக்கிடல் மட்டுமில்லை. அவர் பேசும்போது வேண்டாம், கேட்கும்போது பாருங்கள். பேசும்போது கண் உள்ளே போய்விடுகிறது, கேட்கும்போது வெளியே அலைகிறது. அந்த அலையும் பார்வையில் விழுந்து, கையை மார்பில் வைத்து ஒரு சின்னத் தலையசைப்பு. அவர் உள்ளங்கையைக் கீழே பார்த்து இரண்டு முறை அமுக்கிக் காட்டினால் "இரு, வரேன்". கையை வெளியே வீசினால் "போ, அப்புறம்". வீடியோ அழைப்பு என்றால் நிற்க நல்ல இடம் அவர் போனின் முதுகுப் பக்கம். அவர் கண்ணுக்கு நேரே இருப்பீர்கள், கேமராவுக்குத் தெரிய மாட்டீர்கள்.

மொட்டை மாடிக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டுக்குள் சிக்னலும் இல்லை, நாலு பேர் காதில் விழாமல் பேச இடமும் இல்லை என்பதால் நீண்ட அழைப்புகள் எல்லாம் மாடியில்தான். பேசுபவர் நடப்பார், கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே போய்த் திரும்பி வருவார். பல பழைய வீடுகளில் அந்தச் சுவர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல்தான். அவர் சுவர் ஓரம் இருக்கும்போது நீங்கள் படியின் கடைசியில் தலையை நீட்டினால் தப்பான நேரம். திரும்பி உங்கள் பக்கமாக நடந்து வரும்போது மேலே வாருங்கள். முகம் உங்களைப் பார்த்திருக்கும், முதுகுக்குப் பின்னால் தூரம் அதிகம் இருக்கும். இரும்புப் படி என்றால் கடைசி நாலு படியைக் கொஞ்சம் அழுத்தி மிதித்து ஏறுங்கள். ஒரு காது திறந்திருப்பதால் அந்த ஓசை போய்ச் சேரும். மாடிக்கு வரும் முன்னால் ஒரு வாட்ஸப்பில் "மேல வரேன்" என்று எழுதிவிடுவதும் நல்லது. "பின்னாடி பாரு" என்று எழுதாதீர்கள்; அது துள்ளலைத் தபாலில் அனுப்புவது. பாட்டு கேட்பவருக்கு அழைப்பும் போடாதீர்கள், ரிங்டோன் நேரே காதுக்குள் வெடிக்கும்.

கையில் வேலை இருக்கும்போது எந்த வணக்கமும் வேண்டாம். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு அரிவாள்மணையில் மீன் ஆய்பவர், காதில் பாட்டோடு பஜ்ஜிச் சட்டி முன் நிற்பவர், சாலையைக் கடக்க ஒரு கால் வைத்தவர். துள்ளலில் கை உள்ளே மடங்கும் என்று சொன்னேன். மடங்கும் கைக்கு நேரே அரிவாளோ எண்ணெயோ இருக்கிறது. மீனைத் தட்டில் போட்டு நிமிரட்டும், கரண்டியைக் கீழே வைக்கட்டும்.

வீட்டில் இரவு ஷிப்ட் பார்க்கும் பிள்ளை இருந்தால் ஒவ்வொரு முறையும் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதைவிட மேஜையைத் திருப்பிவிடுவது சுலபம். பத்துக்குப் பத்து அறையில் மேஜை சுவரைப் பார்த்து, கதவு முதுகுக்குப் பின்னால் என்றால், டீ கொண்டுவரும் அம்மா ராத்திரிக்கு மூன்று தரம் அவனைத் துள்ளவைப்பார். கதவு பக்கவாட்டில் வரும்படி மேஜையை 90 டிகிரி திருப்பினால், கதவு அசைவதே முன்னறிவிப்பு ஆகிவிடும். இடமில்லை என்றால் எதிர்ச்சுவரில், லாப்டாப் திரைக்குச் சற்று மேலே, கையகலக் கண்ணாடி ஒன்றைக் கதவு தெரியும்படி ஆணியடித்து மாட்டுங்கள். விளக்கை அணைத்துப் போடும் உத்தி இங்கே சரிவராது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அவன் இன்வெர்ட்டரைப் பார்க்க எழுந்துவிடுவான். டம்ளரை லாப்டாப்புக்குப் பக்கத்தில் வைக்காமல் அவன் கைக்கு ஒரு அடி தள்ளி, மேஜையில் மெல்ல நகர்த்தி வைத்தால் அதுவே கூப்பிட்டமாதிரி.

கண்ணை நம்பும் இந்த முறை முழுக்கவே பலிக்காத ஒரு ஆள் உண்டு. பார்வையற்றவர் ஒரு காதில் இயர்போன் மாட்டியிருந்தால் அதில் பெரும்பாலும் போன் திரையை வாசித்துக் காட்டும் குரல் ஓடும், மற்றக் காதுதான் அவருக்கு உலகம். அந்தத் திறந்த காதின் பக்கம், இரண்டு மீட்டர் தூரத்திலிருந்தே, சாதாரணக் குரலில் முதலில் உங்கள் பெயரையும் அடுத்து அவரைக் கூப்பிடும் சொல்லையும் சொல்லுங்கள். "மூணாம் நம்பர் வீட்டு செல்வி பேசுறேன், அண்ணா." இவருக்கு மட்டும் பழைய கனைப்பு இன்னும் செல்லும்.

இவ்வளவுக்கும் பிறகு யாராவது துள்ளத்தான் துள்ளுவார்கள். அப்போது ஒரு அடி பின்வாங்கி, இரண்டு கையும் தெரியும்படி வைத்துக்கொண்டு, "பயமுறுத்திட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று ஒரே ஒருமுறை சொல்லி நிறுத்துங்கள். சிரிக்க வேண்டாம். துள்ளல் ஒரு கணத்தில் முடிந்துவிடும், இதயம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் கொட்டும் கேள்வி எதுவும் காதில் ஏறாது. துள்ளியதில் பட்ஸ் தெறித்துத் தண்டவாளத்தில் விழுந்திருந்தால் யாரும் இறங்கக் கூடாது. விழுந்த இடத்துக்கு நேரே எந்தத் தூண் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய்ச் சொல்லுங்கள். போகும்போது அவரோடு நீங்களும் போங்கள், விழவைத்தது நீங்கள்தானே.